லேப்டாப்புக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு

காலையில் அலுவலகம் வந்து லேப்டாப்பைத் திறந்து, வழக்கம்போலப் பெயரையும் பாஸ்வேர்டையும் அடிக்கிறீர்கள். உள்ளே போவதற்குப் பதில் திரையில் இப்படி ஒரு வரி வந்து நிற்கிறது:

```
The trust relationship between this workstation and the primary domain failed.
```

உடனே பாஸ்வேர்டை மறுபடி அடித்துப் பார்ப்போம். கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் ஐ.டி. பிரிவுக்குப் போன் போட்டு, "என் பாஸ்வேர்டை ரீசெட் பண்ணிக் குடுங்க" என்போம். ரீசெட் செய்து கொடுத்தாலும் அதே வரிதான் வரும். ஏனென்றால் இந்தச் சிக்கலுக்கும் உங்கள் பாஸ்வேர்டுக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே பொருந்தாமல் போனது உங்கள் லேப்டாப்பின் பாஸ்வேர்டு. அப்படி ஒன்று இருப்பது, அந்த லேப்டாப்பில் பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கே தெரியாது.

அலுவலகக் கணினிகள் பெரும்பாலும் டொமைன் என்ற ஓர் ஏற்பாட்டுக்குள் இருக்கும். ஊழியர்களின் பெயர்ப் பட்டியல், அவர்களுடைய பாஸ்வேர்டு விவரம், யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்கலாம் என்ற அனுமதி எல்லாம் ஒரு மையச் சர்வரில் இருக்கும். அந்தச் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர், ஐ.டி. ஆட்கள் சுருக்கமாக டி.சி. என்பார்கள். பட்டியலை வைத்திருக்கும் மென்பொருள் ஆக்டிவ் டைரக்டரி. 2000-ல் விண்டோஸ் 2000 சர்வரோடு வந்தது. இன்றுவரை உலகமெங்கும் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பட்டியலில் மனிதர்கள் மட்டும் இல்லை, கணினிகளும் இருக்கின்றன. ஒரு லேப்டாப்பை டொமைனில் சேர்க்கும்போது அதன் பெயரிலேயே ஒரு கணக்கு உருவாகிறது. லேப்டாப்பின் பெயர் `LT07` என்றால் கணக்கின் பெயர் `LT07$`. கடைசியில் உள்ள அந்த டாலர் குறிதான் இது ஆளின் கணக்கு இல்லை, இயந்திரத்தின் கணக்கு என்பதற்கு அடையாளம். கணக்கு என்று இருந்தால் பாஸ்வேர்டும் இருக்க வேண்டுமே. அதை விண்டோஸே தற்செயலாகத் தேர்ந்தெடுத்த 120 எழுத்துகளில் உருவாக்கிக்கொள்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை, அடிப்பதில்லை. லேப்டாப்பின் ரெஜிஸ்ட்ரியில், சாதாரணமாகத் திறந்து பார்க்க முடியாத ஒரு பகுதியில், `$MACHINE.ACC` என்ற பெயரில் அது பத்திரமாக இருக்கும். டி.சி.யில் அதே பாஸ்வேர்டின் இன்னொரு பதிவு இருக்கும். இந்த இரண்டும் ஒத்துப்போகும்வரை ஒரு தொந்தரவும் இல்லை.

நான் சரியான பாஸ்வேர்டைத்தானே அடித்தேன், லேப்டாப்பின் பாஸ்வேர்டு பொருந்தாவிட்டால் என்னை ஏன் நிறுத்த வேண்டும்? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

நீங்கள் அடித்த பாஸ்வேர்டு சரி என்று டி.சி. ஒப்புக்கொள்கிறது. ஆனால் லேப்டாப் அதோடு திருப்தி அடைவதில்லை. "சரி என்று சொல்வது உண்மையான டி.சி.தானா?" என்று அதுவும் ஒரு சோதனை வைக்கிறது. லேப்டாப்புக்கென்று ஒரு டிக்கெட்டை டி.சி. தர வேண்டும், அந்த டிக்கெட் லேப்டாப்பின் சொந்த பாஸ்வேர்டிலிருந்து பிறந்த சாவியால் பூட்டப்பட்டிருக்கும். உண்மையான டி.சி.க்கு அந்த பாஸ்வேர்டு தெரியும், ஆகவே சரியாகப் பூட்டியிருக்கும். லேப்டாப் தன்னிடம் உள்ள பாஸ்வேர்டால் அதைத் திறந்து பார்க்கிறது. திறந்தால் உள்ளே விடுகிறது. திறக்காவிட்டால் அதன் பார்வையில் எதிரே இருப்பது யார் என்றே தெரியாது. அப்போதுதான் அந்த வரி வருகிறது.

இந்தச் சோதனை ஏதோ சம்பிரதாயத்துக்கு வைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். 2015-ல் இயன் ஹேக்கன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், இதைத் தாண்டிப் போக ஒரு வழி இருப்பதைக் காட்டினார். திருடிய லேப்டாப்பை, அதே டொமைன் பெயரில் தானே அமைத்த ஒரு போலி டி.சி.யோடு இணைக்க வேண்டும். நேரடியாக உள்ளே நுழையப் பார்த்தால் லேப்டாப் இதே வரியைக் காட்டி மறுத்துவிடும், ஏனென்றால் போலி டி.சி.க்கு லேப்டாப்பின் பாஸ்வேர்டு தெரியாது. ஆனால் போலி டி.சி.யில் அந்த ஊழியரின் பாஸ்வேர்டு காலாவதியானதாக வைத்துவிட்டால், புதியது போடச் சொல்லி விண்டோஸ் கேட்டது. அந்த மாற்றத்தின்போது மட்டும் இந்தச் சோதனை நடக்கவில்லை. புதிய பாஸ்வேர்டு லேப்டாப்பின் உள் நினைவில் பதிந்துவிட, பிறகு நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டு அதை வைத்தே உள்ளே போக முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் MS15-122 என்ற திருத்தத்தால் அந்த ஓட்டையை அடைத்தது. நம்மை எரிச்சல்படுத்தும் அந்தப் பிழைச்செய்தி எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சரி, ஒத்துப்போன இரண்டு பாஸ்வேர்டும் எப்படிப் பிரிகின்றன?

லேப்டாப் தன் பாஸ்வேர்டை வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாற்றிக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது, மாற்றத்தைத் தொடங்குவது லேப்டாப். டி.சி. கேட்பதும் இல்லை, காலக்கெடு வைப்பதும் இல்லை. டி.சி.யை எட்ட முடியாத இடத்தில் இருந்தால் லேப்டாப் மாற்றத்தைத் தொடங்கவே தொடங்காது. பழையதையே வைத்துக்கொண்டு காத்திருக்கும். மாற்றிய பிறகும் முந்தைய பாஸ்வேர்டைத் தூக்கி எறிவதில்லை. புதியது ஒரு டி.சி.க்குப் போய், அங்கிருந்து இன்னொரு டி.சி.க்குப் போய்ச் சேர நேரமாகலாம் என்பதால், இப்போதையது, முந்தையது என்று இரண்டையும் வைத்திருக்கும். முதலாவது பலிக்காவிட்டால் இரண்டாவதைக் காட்டிப் பார்க்கும்.

இதனால் ஒரு பொதுவான நம்பிக்கை தவறாகிறது. "மூணு மாசம் மகப்பேறு விடுப்புல இருந்தாங்க, லேப்டாப்பைத் திறக்கவே இல்ல, அதான் டிரஸ்ட் போயிடுச்சு" என்று ஐ.டி. ஆட்களே சொல்வார்கள். மூன்று மாதம் அலமாரியில் கிடந்த லேப்டாப்பிடமும் டி.சி.யிடமும் இருப்பது அதே மூன்று மாதப் பழைய பாஸ்வேர்டுதான். ஆகவே திறந்ததும் வேலை செய்ய வேண்டும், அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும். விடுப்பில் இருந்தவரின் லேப்டாப் மக்கர் செய்தால், வேறு யாரோ இடையில் கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் தேட வேண்டும். பல அலுவலகங்களில் நெடுநாள் பாஸ்வேர்டு மாறாத கணினிக் கணக்குகளைச் செயலற்றவை என்று கருதி ஒரு ஸ்கிரிப்ட் முடக்கும் அல்லது நீக்கும். குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

உண்மையில் உறவை முறிப்பது காலம் முன்னே போவது இல்லை. லேப்டாப் மட்டும் பின்னே போவது. ஓர் எடுத்துக்காட்டைத் தேதியோடு பார்க்கலாம்.

கணக்குப் பிரிவில் உள்ள ஒருவரின் லேப்டாப் `LT07`. ஜூன் 2 அன்று அதன் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஓர் இமேஜாக எடுத்து வைக்கிறார்கள். லேப்டாப் கடைசியாகத் தன் பாஸ்வேர்டை மாற்றியது மே 21. அதை ஒன்றாவது பாஸ்வேர்டு என்போம். இமேஜில் உறைந்து கிடப்பது அதுதான். வாழ்க்கை தொடர்கிறது: ஜூன் 20-ல் இரண்டாவது, ஜூலை 20-ல் மூன்றாவது, ஆகஸ்ட் 19-ல் நான்காவது. ஒவ்வொரு முறையும் லேப்டாப்பும் டி.சி.யும் சேர்ந்தே மாறுகின்றன. ஆகஸ்ட் 24-ல் ஓர் அப்டேட் பாதியில் கெட்டுப்போய் விண்டோஸ் ஏற மறுக்கிறது. "பேக்கப் இருக்கே" என்று ஜூன் இமேஜைத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஃபைல்கள் சர்வரில் இருப்பதால் எதுவும் போகவில்லை. லேப்டாப் அழகாக ஏறுகிறது, எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த நிமிடம் அந்த வரி.

டி.சி. நான்காவது பாஸ்வேர்டால் டிக்கெட்டைப் பூட்டுகிறது. லேப்டாப்பிடம் ஒன்றாவதும் அதற்கு முந்தையதும்தான் இருக்கின்றன. இடையில் மூன்று மாற்றம் நடந்தது லேப்டாப்புக்கு நினைவே இல்லை, ஏனென்றால் அந்த நினைவு எழுதப்பட்ட டிஸ்க்கின் மேல்தான் ஜூன் மாதத்தை எழுதியிருக்கிறோம். மெய்நிகர் கணினிகளைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பும்போதும் இதே கதைதான் நடக்கிறது.

இனி உள்ளே போக வேண்டும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், பிறகு லாகின் செய்யுங்கள். டி.சி.யை எட்ட முடியாதபோது விண்டோஸ் தன் உள் நினைவை வைத்துச் சோதிக்கும். கடைசியாக உள்ளே வந்த 10 பேர்வரை நினைவில் வைத்திருப்பது அதன் இயல்பான அமைப்பு. டி.சி.யே எட்டாதபோது அந்த டிக்கெட் சோதனைக்கும் இடமில்லை.

ஆனால் நம் எடுத்துக்காட்டில் இங்கேயும் ஒரு முடிச்சு விழுகிறது. அந்த ஊழியர் ஜூலையில் தன் சொந்த பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். லேப்டாப்பின் உள் நினைவும் ஜூன் 2-க்குப் போய்விட்டதே. ஆகவே இன்றைய பாஸ்வேர்டு செல்லாது, ஜூன் மாதத்து பாஸ்வேர்டுதான் வேலை செய்யும். அது நினைவிருந்தால் அதிர்ஷ்டம்.

அவர் உள்ளே போனாலும் பழுதைச் சரிசெய்ய லேப்டாப்பில் நிர்வாக உரிமை வேண்டும். அதற்கு லேப்டாப்பிலேயே உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இருக்கிறது. பெயருக்கு முன்னால் `.\` போட்டு உள்ளே போகலாம். பல அலுவலகங்களில் இந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் லேப்ஸ் என்ற ஏற்பாடு அவ்வப்போது மாற்றி ஆக்டிவ் டைரக்டரியில் எழுதி வைக்கும். 2023 ஏப்ரலிலிருந்து இது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. இப்போது டைரக்டரியில் பார்த்தால் ஆகஸ்ட் மாத பாஸ்வேர்டு இருக்கும். லேப்டாப்பிலோ ஜூன் மாதத்தது. பிழைச்செய்தியைப் பற்றி எழுதும் பலரும் இந்த இடத்தைத் தொடாமல் போய்விடுகிறார்கள். நள்ளிரவில் ஆளை அழவைப்பது இந்த இடம்தான். லேப்ஸில் பழைய பாஸ்வேர்டுகளின் வரலாற்றையும் மறைகுறியாக்கி வைக்கும் வசதியை முன்பே இயக்கியிருந்தால் ஜூன் மாதத்ததை எடுத்துவிடலாம். இயக்காதவர்கள் இன்றைக்கே இயக்கி வைப்பது நல்லது.

உள்ளே போய்விட்டோம். நெட்வொர்க்கை மறுபடி இணைத்துவிட்டு, பவர்ஷெல்லை நிர்வாக உரிமையோடு திறந்து இதை அடிக்கலாம்:

```
Test-ComputerSecureChannel
```

`False` என்று வந்தால் லேப்டாப்புக்கும் டி.சி.க்கும் இடையிலான பாதுகாப்பான இணைப்பு அறுந்திருக்கிறது. விண்டோஸோடு கூடவே வரும் 5.1 பவர்ஷெல்லில்தான் இந்தக் கட்டளை இருக்கிறது. தனியாக நிறுவும் 7-ல் தேடினால் கிடைக்காது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைப் பார்த்தால் `NETLOGON` பெயரில் 3210 என்ற எண்ணும் இருக்கும். டி.சி. பக்கம் நிர்வாகி இதைப் பார்க்கலாம்:

```
Get-ADComputer LT07 -Properties PasswordLastSet
```

ஆகஸ்ட் 19 என்று காட்டும். டிஸ்க் இமேஜ் ஜூன் 2. இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே காரணம் தெரிந்துவிடும், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

சரிசெய்வதற்கு ஒரே ஒரு வரி போதும்:

```
Test-ComputerSecureChannel -Repair -Credential CORP\itadmin
```

`CORP` இருக்கும் இடத்தில் உங்கள் டொமைன் பெயர், `itadmin` இருக்கும் இடத்தில் கணினிக் கணக்குகளின் பாஸ்வேர்டை ரீசெட் செய்ய அனுமதி உள்ள ஒருவரின் பெயர். அந்த நபரின் அதிகாரத்தில் லேப்டாப் டி.சி.யோடு பேசி, புத்தம் புதிய பாஸ்வேர்டு ஒன்றை இரண்டு பக்கமும் எழுதிவிடும். ஒன்றாவதா நான்காவதா என்ற கேள்வியே அதோடு தீர்ந்தது. `True` என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. பிறகு நான் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுவேன். இனி அந்த ஊழியர் தன் இன்றைய பாஸ்வேர்டை அடித்தே உள்ளே போகலாம்.

இந்த வேலைக்கு டொமைன் முழுவதையும் ஆளும் தலைமை நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கொண்டுவந்து ஓர் ஊழியரின் லேப்டாப்பில் அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். கணினிக் கணக்கை ரீசெட் செய்யும் உரிமையை மட்டும் ஹெல்ப்டெஸ்க் ஆட்களுக்குத் தனியாகக் கொடுக்க முடியும். அதுவே போதும்.

பல டி.சி.க்கள் உள்ள இடத்தில் எந்த டி.சி.யோடு பேச வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல விரும்பினால் இன்னொரு கட்டளை இருக்கிறது:

```
Reset-ComputerMachinePassword -Server DC01 -Credential CORP\itadmin
```

வெளியூரில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் லேப்டாப் என்றால், நெட்வொர்க் இல்லாமல் உள்ளே போய், விபிஎன் இணைத்து, டி.சி. எட்டுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு இதே கட்டளையை ஓட்டலாம். லேப்டாப்பை கூரியரில் அனுப்பச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இவ்வளவு எளிய வழி இருந்தும் பெரும்பாலான அலுவலகங்களில் நடப்பது வேறு. லேப்டாப்பை டொமைனிலிருந்து எடுத்து ஒர்க்குரூப்பில் போட்டு, ரீஸ்டார்ட், மறுபடி டொமைனில் சேர்த்து, இன்னொரு ரீஸ்டார்ட். இதுவும் வேலை செய்யும். நேரம்தான் கூடுதலாகப் போகும். ஆனால் சிலர் இதற்கு முன்னால், சுத்தமாகத் தொடங்கலாம் என்று நினைத்து ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள பழைய கணினிக் கணக்கையே டிலீட் செய்துவிடுகிறார்கள். அதைத்தான் செய்யவே கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

லேப்டாப் தொலைந்தாலும் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைப் பல நிறுவனங்கள் ஆக்டிவ் டைரக்டரியில்தான் சேமிக்கின்றன. அது சேமிக்கப்படும் இடம் அந்தக் கணினிக் கணக்கின் அடியில். கணக்கை அழித்தால் சாவியும் சேர்ந்து அழிகிறது. லேப்ஸ் எழுதிய பாஸ்வேர்டும் அதே கணக்கில்தான் இருக்கிறது, அதுவும் போகும். புதிதாகச் சேர்க்கும் கணக்கு பெயரில் ஒன்றாக இருந்தாலும் உள் அடையாள எண் வேறு. ஆகவே பழைய கணக்கு எந்தெந்தக் குழுக்களில் இருந்ததோ அவற்றிலும் இருக்காது. ஒரு பாஸ்வேர்டு ஒத்துப்போகாததற்காக, அடுத்த மாதம் பிட்லாக்கர் சாவி கேட்டு நிற்கும்போது கொடுக்க எதுவுமில்லாத நிலைக்குப் போவது நியாயமே இல்லை. டைரக்டரியின் ரீசைக்கிள் பின் இயக்கப்பட்டிருந்தால் அழித்ததை மீட்கலாம். அதை நம்பி அழிப்பது வேறு விஷயம்.

கணக்கே அழிந்துபோயிருந்தால் திரையில் வரும் வரியும் வேறாக இருக்கும்:

```
The security database on the server does not have a computer account for this workstation trust relationship.
```

இதைப் பார்த்தால் ரிப்பேர் கட்டளை உதவாது, ரிப்பேர் செய்ய அங்கே கணக்கே இல்லை. அழிந்த கணக்கை மீட்க முடியாவிட்டால் அப்போதுதான் மறுபடி டொமைனில் சேர்ப்பது சரியான வழி. இரண்டு செய்தியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிவதால் போனில் கேட்கும்போது குழம்பும். முழு வரியையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

இமேஜ் எதுவும் ஏற்றாமலேயே இந்தப் பிழை வந்தால் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஒன்று, அதே பெயரில் இன்னொரு லேப்டாப். புதிய லேப்டாப்புக்கும் `LT07` என்று பெயர் வைத்து டொமைனில் சேர்த்தால் அது பழைய கணக்கின் மேலேயே ஏறி, தன் பாஸ்வேர்டை அங்கே எழுதிவிடும். பழைய லேப்டாப் அந்தக் கணமே வெளியே நிற்கும். 2022 அக்டோபர் அப்டேட்டிலிருந்து, ஏற்கெனவே உள்ள கணக்கின்மேல் ஏற யாரை அனுமதிப்பது என்பதை விண்டோஸ் கடுமையாகப் பார்க்கிறது. ஆனாலும் உரிய உரிமை உள்ளவர் செய்தால் தடுக்காது. இன்னொன்று, டைரக்டரியில் கணினிக் கணக்கின்மேல் வலது கிளிக் செய்தால் வரும் `Reset Account`. ஊழியரின் கணக்கை ரீசெட் செய்வதுபோலச் சாதாரணமாக நினைத்து இதை அழுத்துபவர்கள் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பின் பாஸ்வேர்டை டி.சி. பக்கம் மட்டும் மாற்றிவிடும் பொத்தான் அது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ 30 நாளுக்கு ஒருமுறை மாத்தற வேலையையே நிறுத்திடலாமே" என்று தோன்றும். அதற்கும் பாலிசியில் இடம் இருக்கிறது. இமேஜைத் திரும்ப ஏற்றுவது தினசரி நடக்கும் சோதனைக்கூடங்களில் இது பொருந்தலாம். ஊழியர் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் போகும் லேப்டாப்புக்கு வேண்டாம் என்பேன். ஒருமுறை யார் கையிலாவது சிக்கிய பாஸ்வேர்டு, மாற்றமே இல்லாவிட்டால் அந்த லேப்டாப் இருக்கும்வரை செல்லும்.

மாற்ற வேண்டியது இமேஜ் ஏற்றும் முறை. ஏற்றுவதற்கு முன்பே இமேஜின் தேதியையும் `PasswordLastSet` தேதியையும் பாருங்கள். இமேஜ் பழையது என்றால், லேப்ஸ் வரலாற்றிலிருந்து அந்த மாதத்து அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை எடுத்து எழுதி வைத்துக்கொண்டு ஏற்றுங்கள். ஏறியதும் உள்ளே போய் ரிப்பேர் கட்டளையை ஓட்டி `True` பார்த்த பிறகு லேப்டாப்பை ஊழியரிடம் கொடுங்கள். ஜூலையில் மாற்றிய தன் பாஸ்வேர்டை அவர் மேஜையில் உட்கார்ந்து வழக்கம்போல அடிப்பார். ஜூன் மாதத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய வேலை அவருக்கு இருக்காது.